ஜனவரி முதல் வார அறிக்கையில் பாதி ஆர்டர்களைக் காணவில்லை: வார எண்தான் காரணமா?

நெய்தல் · 6 ஜனவரி 2026, காலை 9:52

நான் இப்போது பார்த்துக்கொள்ளும் வார அறிக்கை, எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவர் எழுதியது. திங்கட்கிழமைதோறும் காலை ஆறு மணிக்குத் தானாக ஓடி, முடிந்த வாரத்தில் எத்தனை ஆர்டர்கள் வந்தன என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பும். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். குவெரியில் தேவையற்றதை நீக்கிவிட்டால் மிஞ்சுவது இதுதான்:

```sql
SELECT count(*)
FROM orders
WHERE EXTRACT(YEAR FROM ordered_at) = EXTRACT(YEAR FROM current_date)
  AND EXTRACT(WEEK FROM ordered_at) = EXTRACT(WEEK FROM current_date) - 1;
```

எங்களுக்கு வாரத்துக்கு ஏறக்குறைய 2,000 ஆர்டர்கள் வரும். நேற்று வந்த அறிக்கையில் 1,140 என்று இருந்தது. அதற்கு முந்தைய திங்கள், அதாவது டிசம்பர் 29 அன்று வந்ததில் வெறும் 0. விடுமுறைக் காலம், சர்வரில் ஏதோ பராமரிப்பு என்று அதை யாரும் பொருட்படுத்தவில்லை. நேற்றைய எண்ணைப் பார்த்த பிறகுதான் கேள்விகள் கிளம்பின. ஆர்டர்கள் அட்டவணையில் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, நாள்வாரியாக எண்ணிப் பார்த்துவிட்டேன்.

இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. ஆண்டையும் வாரத்தையும் சேர்த்துத் தொகுத்துக் காட்டும் வரைபடம் ஒன்று எங்களிடம் உண்டு. அதில் 2025ஆம் ஆண்டின் முதல் வாரத்துக்கு 2,210 என்று காட்டுகிறது. ஆனால் சென்ற ஜனவரியில் அதே வாரத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலைத் தேடி எடுத்தேன். அதில் 1,385. ஓராண்டு கழித்துப் பழைய வாரத்துக்கு ஆர்டர்கள் எப்படிக் கூடும்?

---

இரவுப்பணி · காலை 10:07

நேர மண்டலம். சந்தேகமே வேண்டாம். சர்வர் யுடிசியில் ஓடும், ஆர்டர்கள் உள்ளூர் நேரத்தில் பதிவாகும், வார எல்லையில் இரண்டும் ஒத்துப்போகாது. `ordered_at` நேர மண்டலத்துடன் சேமிக்கப்படுகிறதா என்று முதலில் பாருங்கள்.

---

சுருக்குவழி · காலை 10:15

ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூஜ்யம். பூஜ்யமாவது வாரம் என்று எதுவும் இல்லை, அதனால்தான் டிசம்பர் 29 அன்று 0 வந்திருக்கிறது. பூஜ்யம் வந்தால் வாரத்தை 52 ஆக்கி, ஆண்டில் ஒன்றைக் குறைத்துவிடுங்கள். ஒரு நிபந்தனை வரி சேர்த்தால் முடிந்தது. இதற்கு ஏன் இவ்வளவு நீளமான பதிவு?

---

நெய்தல் · காலை 10:31

@இரவுப்பணி, `timestamptz` தான். ஆனால் நேர மண்டலத்தால் சில மணி நேரம் இடம் மாறலாம். இங்கே 850 ஆர்டருக்கு மேல் காணவில்லை.

@சுருக்குவழி, 0 வந்த காரணம் புரிகிறது. 1,140 எப்படி வந்தது? நேற்று வார எண் 2, ஒன்றைக் கழித்தால் 1. அதில் பூஜ்யம் எதுவும் இல்லையே.

---

வெண்கொற்றன் · காலை 10:48

போஸ்ட்கிரெஸில் `WEEK` என்பது ஐஎஸ்ஓ 8601 வாரம். திங்கட்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடியும். ஜனவரி 1 எந்த வாரத்தில் விழுகிறதோ அதுதான் முதல் வாரம். இந்த முறை ஜனவரி 1 வியாழக்கிழமை. ஆகவே முதல் வாரம் டிசம்பர் 29 அன்றே தொடங்கிவிட்டது. உங்கள் குவெரி 2026 என்று ஆண்டையும் கேட்பதால் டிசம்பரின் மூன்று நாட்கள் வெளியே நின்றுவிட்டன. `EXTRACT` இரண்டையும் தூக்கிவிட்டு `to_char(ordered_at, 'YYYY-IW')` என்று ஒரே சரமாக ஒப்பிடுங்கள், சரியாகிவிடும்.

---

பழங்கணக்கு · காலை 11:20

வெண்கொற்றன் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் எழுதிக் கொடுத்த மருந்தில் அதே நோய் இருக்கிறது.

முதலில் நெய்தல் கொடுத்த எண்களைப் பார்ப்போம், அவையே கதையைச் சொல்லிவிடுகின்றன. 2,000ஐ ஏழால் வகுத்து நான்கால் பெருக்கினால் 1,143. நேற்றைய அறிக்கையில் 1,140. அது நான்கு நாள் கணக்கு: ஜனவரி 1, 2, 3, 4. அடுத்து அந்த 2,210ஐ 1,385ஆல் வகுத்துப் பாருங்கள், 1.6 வரும். எட்டுக்கு ஐந்து என்ற விகிதம். சென்ற ஜனவரியில் அனுப்பிய மின்னஞ்சல் ஐந்து நாளை எண்ணியது. இன்றைய வரைபடம் எட்டு நாளை எண்ணுகிறது.

எட்டு நாள் எங்கிருந்து வந்தது என்றால், 2025 டிசம்பர் 29, 30, 31 ஆகிய மூன்று நாட்களிடம் ‘உன் வாரம் எது’ என்று கேட்டால் 1 என்று சொல்லும். ‘உன் ஆண்டு எது’ என்று கேட்டால் 2025 என்று சொல்லும். தனித்தனியாக இரண்டு பதிலும் சரி. சேர்த்து வைத்தால் ‘2025, வாரம் 1’. அந்தப் பெட்டியில் ஏற்கெனவே 2025 ஜனவரி 1 முதல் 5 வரையிலான நாட்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஆண்டுக் கடைசியின் மூன்று நாட்கள் அதே ஆண்டின் தொடக்கத்தில் போய் ஏறிக்கொண்டன. பழைய வாரத்துக்கு ஆர்டர் கூடியது இப்படித்தான்.

வாரத்துக்கு என்று தனியாக ஓர் ஆண்டு உண்டு. அது நாட்காட்டி ஆண்டு அல்ல. அந்த வாரத்தின் வியாழக்கிழமை எந்த ஆண்டில் இருக்கிறதோ அதுவே வாரத்தின் ஆண்டு. டிசம்பர் 29இல் தொடங்கும் வாரத்தின் வியாழன் 2026 ஜனவரி 1. ஆகவே ஏழு நாட்களும் 2026இன் முதல் வாரம். போஸ்ட்கிரெஸில் இந்த ஆண்டைக் கேட்க `ISOYEAR` இருக்கிறது. `to_char` என்றால் `IYYY`. வெண்கொற்றன் எழுதிய `'YYYY-IW'` நாட்காட்டி ஆண்டையும் ஐஎஸ்ஓ வாரத்தையும் ஒட்டவைக்கிறது. டிசம்பர் 29க்கு அது `2025-01` என்றுதான் தரும். இருக்க வேண்டியது `'IYYY-IW'`.

இன்னொன்று. ‘ஜனவரி 1 விழும் வாரமே முதல் வாரம்’ என்பது இந்த ஆண்டுக்குத் தற்செயலாகப் பொருந்துகிறது. 2021 ஜனவரி 1 வெள்ளிக்கிழமை. அந்த வாரத்தின் வியாழன் 2020 டிசம்பர் 31. ஆகவே அந்த நாள் 2020இன் 53ஆம் வாரம். ஜனவரி 4 விழும் வாரம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் ஒருபோதும் பிசகாது.

---

வெண்கொற்றன் · காலை 11:34

`IYYY` பற்றிச் சொன்னது சரி, ஏற்கிறேன். ஜனவரி 1 விதியை எக்செலில் அப்படித்தானே பார்த்தேன்?

---

பழங்கணக்கு · காலை 11:41

எக்செலில் `WEEKNUM` அப்படித்தான் நடந்துகொள்ளும், அது வேறு விதி. ஜனவரி 1 எப்போதும் முதல் வாரம், வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். அதே எக்செலில் ஐஎஸ்ஓ கணக்கு வேண்டுமானால் `ISOWEEKNUM` என்று தனியாக இருக்கிறது.

2025 டிசம்பர் 31 என்ற ஒரே நாளை எடுத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸின் `WEEK` அதை 1 என்கிறது. எக்செலின் `WEEKNUM` 53 என்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் எதுவும் குறிப்பிடாமல் `WEEK()` என்று கேட்டால் 52 வரும், ஏனென்றால் அங்கே ஆண்டின் முதல் ஞாயிறு வரும்வரை ஓடும் நாட்கள் எல்லாம் பூஜ்யமாவது வாரம். ஆமாம் சுருக்குவழி, பூஜ்யமாவது வாரம் என்று ஒன்று உலகில் இருக்கத்தான் செய்கிறது.

மூன்றில் எதுவும் பிழையல்ல. மூன்றும் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள்.

---

தூரிகை · நண்பகல் 12:05

இதே தலைவலி எனக்கு ஜாவாவில் வந்தது. எங்கள் நிரலில் தேதி வடிவம் `YYYY-MM-dd` என்று பெரிய எழுத்தில் இருந்தது. ஆண்டு முழுவதும் ஒழுங்காக ஓடிவிட்டு, டிசம்பர் 29 அன்று ரசீதுகளில் `2026-12-29` என்று அச்சாகிவிட்டது. ஓராண்டு கழித்து வரவேண்டிய தேதி! சின்ன எழுத்தில் `yyyy` என்று போட்டவுடன் சரியாகிவிட்டது. நெய்தல், உங்கள் நிரலிலும் எங்காவது பெரிய `YYYY` இருக்கிறதா என்று பாருங்கள், அதை மாற்றினால் போதும்.

---

பழங்கணக்கு · நண்பகல் 12:18

தூரிகை, உங்களுடையது இதற்கு நேர் எதிர்ப் பக்கம். நீங்கள் நாளையும் மாதத்தையும் வாரத்தின் ஆண்டோடு சேர்த்தீர்கள். நெய்தலின் குவெரி வாரத்தை நாட்காட்டியின் ஆண்டோடு சேர்க்கிறது. அங்கே சின்ன எழுத்து மருந்து, இங்கே அதுவே நோய். மேலும் போஸ்ட்கிரெஸில் `YYYY` பெரிதாக இருந்தாலும் சின்னதாக இருந்தாலும் நாட்காட்டி ஆண்டுதான். ஒரு மொழியில் கற்ற பாடத்தை எழுத்து மாறாமல் இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது.

உங்கள் ரசீதுகளில் டிசம்பர் 28 எப்படி வந்தது என்று பார்த்தீர்களா? ஜாவாவில் அது எந்த நாட்டு அமைப்பில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்க அமைப்பில் வாரம் ஞாயிறு தொடங்குவதால் 28ஆம் தேதியும் 2026க்குப் போய்விடும். ஜெர்மனி அமைப்பில் போகாது.

---

தூரிகை · நண்பகல் 12:26

இப்போதுதான் பார்த்தேன். சோதனை சர்வரில் 28 சரியாக இருக்கிறது, உண்மையான சர்வரில் தவறாக இருக்கிறது. ஒரே நிரல்தான். ஏன் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

---

சுருக்குவழி · நண்பகல் 12:40

எல்லாம் சரி. ஆனால் என் நிபந்தனை வரி ஏன் போதாது என்று யாரும் சொல்லவில்லை. பூஜ்யம் வந்தால் 52, ஆண்டில் ஒன்று குறைவு. எத்தனையோ இடங்களில் இப்படித்தான் ஓடுகிறது.

---

பழங்கணக்கு · நண்பகல் 12:58

ஓடுகிறது, ஆனால் எங்கே போகிறது என்று பாருங்கள்.

2023 ஜனவரி 2 திங்கள். வாரம் 1, ஆண்டு 2023. உங்கள் வரி அதை 2022, வாரம் 52 ஆக்கும். அந்தக் குவெரி 2022 டிசம்பர் 26 முதல் 31 வரை எடுக்கும், கூடவே 52ஆம் வாரம் என்றே பதில் சொல்லும் 2022 ஜனவரி 1, 2 ஆகிய நாட்களையும் எடுக்கும். ஞாயிறு 2023 ஜனவரி 1ஆக இருப்பதால் அது விடுபடும். ஏழில் ஆறு நாள், அதோடு ஓராண்டு பழைய இரண்டு நாள்.

இப்போது 2025 டிசம்பர் 29 திங்கள். வாரம் 1, ஆனால் நாட்காட்டி ஆண்டு இன்னும் 2025. உங்கள் வரி அதை 2024, வாரம் 52 ஆக்கும். சென்ற வாரத்து ஆர்டர்கள் என்று சொல்லி, 2024 டிசம்பர் 23 முதல் 29 வரை வந்த ஆர்டர்களை மின்னஞ்சலில் அனுப்பும். எண் 2,000 அளவிலேயே இருக்கும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இப்போது வந்த 0 எவ்வளவோ மேல், அது தவறு என்று கண்ணுக்காவது தெரிந்தது.

அடுத்து 2027 ஜனவரி 4 திங்கள். 2026க்கு 53 வாரங்கள். 52 என்று எழுதிவைத்தால் டிசம்பர் 21 முதல் 27 வரையிலான வாரம் இரண்டாம் முறை போகும், கடைசி வாரம் போகவே போகாது.

---

நெய்தல் · பிற்பகல் 1:15

இப்போது பழைய மின்னஞ்சல்களைத் திரும்பப் பார்க்கிறேன். 2024 ஜனவரி 1 அன்று 0. 2024 டிசம்பர் 30 அன்று 0. ஆண்டுக்கு ஒரு முறை தவறாமல் வெற்று அறிக்கை போயிருக்கிறது. ஆனால் 2024 ஜனவரி 8 அறிக்கை மட்டும் சரியாக இருக்கிறது, நாள்வாரியாக எண்ணிச் சரிபார்த்தேன். அது எப்படி?

---

பழங்கணக்கு · பிற்பகல் 1:29

2024 ஜனவரி 1 திங்கட்கிழமை. ஐஎஸ்ஓ ஆண்டும் நாட்காட்டி ஆண்டும் ஒரே நாளில் தொடங்கின. முதல் வாரம் முழுதாக ஜனவரிக்குள் அடங்கிவிட்டது. இந்தப் பிழையைப் பிடிக்க முடியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒவ்வோர் ஆண்டும் வேறு முகத்தோடு வருகிறது. சென்ற ஆண்டு ஐந்து நாள், இந்த ஆண்டு நான்கு நாள். ஐந்து நாள் கணக்கைப் பார்த்தால் விடுமுறையால் விற்பனை குறைந்தது என்று தோன்றும், நான்கு நாள் என்றால்தான் உறுத்தும்.

ஆர்டர்களையே தொடாமல் இதைச் சோதிக்கலாம். நாட்களை மட்டும் உருவாக்கி, உங்கள் குவெரி தொகுக்கும் விதத்திலேயே தொகுத்து, ஏழு நாள் இல்லாத வாரங்களை மட்டும் கேளுங்கள்:

```sql
SELECT EXTRACT(YEAR FROM d) AS y, EXTRACT(WEEK FROM d) AS w, count(*) AS days
FROM generate_series(date '2024-01-01', date '2026-12-31', interval '1 day') AS d
GROUP BY 1, 2
HAVING count(*) <> 7
ORDER BY 1, 2;
```

---

நெய்தல் · பிற்பகல் 1:44

ஓட்டினேன்.

```
  y   | w  | days
------+----+------
 2024 |  1 |    9
 2025 |  1 |    8
 2026 |  1 |    4
 2026 | 53 |    4
```

ஒன்பது நாள் வாரம்! 2024 முதல் வாரம் சரியாக இருந்தது என்று இப்போதுதான் நிம்மதி அடைந்தேன். மின்னஞ்சல் போனபோது ஏழு நாள். அதற்குப் பிறகு டிசம்பர் 30, 31 வந்து ஏறிக்கொண்டிருக்கின்றன. வரைபடத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் உச்சம் தெரியும். அது புத்தாண்டு விற்பனை என்று நாங்கள் பல கூட்டங்களில் பேசியிருக்கிறோம்.

`YEAR` இருக்கும் இடத்தில் `ISOYEAR` போட்டு அதே குவெரியை ஓட்டினால், 2026 வாரம் 53 மட்டும் நான்கு நாள் என்று வருகிறது. இன்னும் ஏதோ தவறு இருக்கிறதா?

---

பழங்கணக்கு · பிற்பகல் 1:50

இல்லை. நாட்களை டிசம்பர் 31 அன்று நிறுத்திவிட்டீர்கள். அந்த வாரம் 2027 ஜனவரி 3 ஞாயிறு வரை போகிறது. தொடரை அதுவரை நீட்டினால் ஒரு வரிகூட வராது. பழைய முறையிலேயே விட்டிருந்தால், அந்த மூன்று ஜனவரி நாட்களும் ‘2027, வாரம் 53’ என்று பதிவாகி, 2027 தொடங்கும்போதே அதன் கடைசி வாரம் வரைபடத்தின் வலது ஓரத்தில் முளைத்திருக்கும்.

இப்போது திருத்தத்துக்கு வருவோம். `ISOYEAR` போட்டால் தொகுப்பு சரியாகும். ஆனால் ‘சென்ற வாரம்’ என்பதை வார எண்ணில் ஒன்றைக் கழித்துக் கண்டுபிடிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். எண்ணைக் கழிப்பதற்குப் பதிலாகத் தேதியைக் கழியுங்கள்:

```sql
WHERE ordered_at >= date_trunc('week', current_date) - interval '7 days'
  AND ordered_at <  date_trunc('week', current_date)
```

இதில் ஆண்டும் இல்லை, வார எண்ணும் இல்லை. இந்த வாரத்துத் திங்கள் எது, அதற்கு முந்தைய திங்கள் எது, இரண்டுக்கும் இடையில் வந்தவை எவை என்று மட்டும் கேட்கிறது. `ordered_at` மீது அட்டவணைக் குறியீடு இருந்தால் அதையும் பயன்படுத்திக்கொள்ளும். பழைய குவெரி ஒவ்வொரு வரியையும் திறந்து ஆண்டையும் வாரத்தையும் கணக்கிட்டுக்கொண்டிருந்தது.

வரைபடத்துக்கும் அதே வழிதான். வாரத்தின் திங்கட்கிழமைத் தேதியைத் தொகுப்புச் சாவியாக வைத்துக்கொள்ளுங்கள். வார எண் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், கடைசியில் காட்டும்போது மட்டும் `to_char(week_start, 'IYYY-"W"IW')` என்று எழுதிக்கொள்ளலாம். எண் பெயராக இருக்கட்டும், சாவியாக வேண்டாம்.

---

பேரேடு · பிற்பகல் 2:30

நான் நிரல் எழுதுபவன் அல்ல, கணக்குப் பிரிவில் இருந்துகொண்டு இப்படிப்பட்ட அறிக்கைகளைப் பெறுபவன். ஒரு விஷயம் உறுத்துகிறது. எல்லோரும் ஐஎஸ்ஓ முறைதான் சரி, மற்றதெல்லாம் பிழை என்பதுபோலப் பேசுகிறீர்கள். எங்களுக்கு ஆண்டு ஜனவரி 1 அன்று தொடங்குகிறது, டிசம்பர் 31 அன்று முடிகிறது. டிசம்பர் 29 அன்று வந்த வருவாயை 2026இன் முதல் வாரத்தில் காட்டினால், 52 வாரங்களைக் கூட்டிப் பார்க்கும்போது ஆண்டு வருவாயோடு ஒத்துப்போகாது. தணிக்கையில் அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். எனக்கு ஜனவரி 1 முதல் 7 வரை முதல் வாரம், 8 முதல் 14 வரை இரண்டாம் வாரம் என்று இருந்தால் போதும்.

---

பழங்கணக்கு · பிற்பகல் 2:52

நியாயமான கோரிக்கைதான். ஐஎஸ்ஓ சட்டம் அல்ல. நீங்கள் சொல்லும் முறைக்கும் போஸ்ட்கிரெஸில் `WW` என்று ஒரு வடிவம் இருக்கிறது, அதை `YYYY`யோடு சேர்ப்பதுதான் சரி. ஆண்டுக் கூட்டுத்தொகை துல்லியமாக வரும்.

ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையையும் பாருங்கள். 2025இல் உங்கள் வாரங்கள் புதன்கிழமை தொடங்கும், 2026இல் வியாழக்கிழமை. ஆண்டின் கடைசி ‘வாரம்’ ஒரே நாள், லீப் ஆண்டென்றால் இரண்டு நாள். வாரத்துக்கு வாரம் ஒப்பிடும் அறிக்கையில் டிசம்பர் 31 மட்டும் தனியாகப் பள்ளத்தில் கிடக்கும். வருவாய்க் கணக்குக்கு இது பொருந்தலாம். ஆர்டர் போக்கைப் பார்க்க இது உதவாது. இரண்டு அறிக்கைகளாகப் பிரிப்பது நல்லது என்பேன்.

---

பேரேடு · பிற்பகல் 3:10

இரண்டு அறிக்கைகள் என்றால் இரண்டு எண்கள். இரண்டு எண்கள் என்றால் ஒரு கூட்டம். நான் இதை ஏற்கவில்லை. ஆண்டு வருவாயை மாதவாரியாகத் தாருங்கள், வார அறிக்கையில் ஆண்டு என்ற சொல்லே வரக்கூடாது, அப்படியென்றால் சம்மதம்.

---

வெண்கொற்றன் · பிற்பகல் 3:24

அது நல்ல யோசனையாகப் படுகிறது. ‘2026, வாரம் 1’ என்று எழுதாமல் ‘டிசம்பர் 29 – ஜனவரி 4’ என்றே எழுதிவிடலாமே. படிப்பவருக்கு எந்த விதியும் தெரிய வேண்டியதில்லை.

---

நெய்தல் · 7 ஜனவரி, காலை 10:12

மாற்றிவிட்டேன். வார அறிக்கையின் தலைப்பில் வெண்கொற்றன் சொன்னபடி தேதிகள் மட்டும். டிசம்பர் 22 முதல் 28 வரையிலான வாரத்தையும், 29 முதல் 4 வரையிலான வாரத்தையும் மறுபடி அனுப்பிவிட்டேன். இரண்டாவது வாரத்துக்கு 1,962.

ஆனால் அதே ஏழு நாட்களின் நாள்வாரி அறிக்கைகளைக் கூட்டினால் 1,973 வருகிறது. 11 ஆர்டர் வித்தியாசம். எல்லை சரியாகத்தானே இருக்கிறது?

---

இரவுப்பணி · காலை 10:20

நேர மண்டலம். இப்போதாவது பாருங்கள்.

---

பழங்கணக்கு · காலை 10:37

இந்த முறை இரவுப்பணி சொல்வதுதான் சரியாக இருக்கும். `timestamptz` மீதும் `current_date` மீதும் `date_trunc` வேலை செய்யும்போது, இணைப்பின் நேர மண்டலத்தை எடுத்துக்கொள்கிறது. தானாக ஓடும் பணியின் இணைப்பு யுடிசியில் இருந்து, நாள்வாரி அறிக்கை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக்கொண்டு எண்ணினால், இரண்டுக்கும் திங்கட்கிழமை வெவ்வேறு மணியில் தொடங்கும். இரண்டு முனையிலும் சில மணி நேரத்து ஆர்டர்கள் இடம் மாறும். பணியின் தொடக்கத்திலேயே `SET TIME ZONE` கொடுத்துவிட்டு மீண்டும் எண்ணிப் பாருங்கள். கைமுறையாக நீங்கள் ஓட்டும்போது ஒரு எண்ணும், தானாக ஓடும்போது வேறு எண்ணும் வந்தால் அதுவே அடையாளம்.

---

நெய்தல் · காலை 11:05

கொடுத்தேன். 1,971. வித்தியாசம் 2 ஆகக் குறைந்துவிட்டது. இரவுப்பணிக்கு நன்றி. மீதி இரண்டு ஆர்டர்கள் ரத்து செய்யப்பட்டவையாக இருக்குமோ என்று பார்க்கிறேன். நாள்வாரி அறிக்கை அன்றிரவே ஓடிவிடுகிறது, பின்னால் ரத்தாகும் ஆர்டர்களை அது திருத்துவதில்லை.

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. சென்ற ஆண்டின் இதே வாரத்தோடு ஒப்பிடும் பத்தி ஒன்று அறிக்கையில் உண்டு. இப்போது அது வார எண்ணை வைத்து ஒப்பிடுகிறது. 2026க்கு 53 வாரங்கள் என்றால், அந்த 53ஆம் வாரத்தை எதோடு ஒப்பிடுவது? 2025க்கு 52தானே?

---

சுருக்குவழி · காலை 11:16

தேதியில் 364 நாள் கழியுங்கள். திங்களுக்குத் திங்கள் வரும்.

---

பழங்கணக்கு · காலை 11:40

நான் அதைத்தான் செய்வேன், ஆனால் விளைவைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். 2026 டிசம்பர் 28இலிருந்து 364 நாள் கழித்தால் 2025 டிசம்பர் 29 வரும். அது 2026இன் முதல் வாரம். அதாவது ஐஎஸ்ஓ கணக்கில் ஒரே ஆண்டின் கடைசி வாரத்தை அதன் முதல் வாரத்தோடு ஒப்பிடுகிறீர்கள். நாட்காட்டியில் பார்த்தால் அது பொருத்தமாகவே இருக்கிறது, இரண்டும் ஆண்டு மாறும் வாரங்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். 2027இன் முதல் வாரம் 2026இன் இரண்டாம் வாரத்தோடு சேரும், அப்படியே ஆண்டு முழுவதும் எண்ணில் ஒன்று தள்ளியே நிற்கும். எண்ணை வைத்து ஒப்பிட்டால் எண் பொருந்தும், ஆனால் விடுமுறைகள் ஒரு வாரம் தள்ளிப்போகும்.

---

பேரேடு · பிற்பகல் 12:10

எண் பொருந்த வேண்டும். முதல் வாரத்தை இரண்டாம் வாரத்தோடு ஒப்பிட்டு ஒரு தாளை என் மேசையில் வைத்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். 53ஆம் வாரத்துக்கு எதிரே கோடு போட்டு வெறுமையாக விடுங்கள்.

---

வெண்கொற்றன் · பிற்பகல் 12:22

தலைப்பில்தான் எண்ணே இல்லையே ஐயா. தேதி மட்டும்தானே போடப்போகிறோம்.

---

பேரேடு · பிற்பகல் 12:31

தேதி போட்டாலும் நான் எண்ணிப் பார்ப்பேன்.

---

நெய்தல் · பிற்பகல் 1:02

இப்போதைக்கு 364 நாள் கழிக்கும் முறையில் வைக்கிறேன், பத்தியின் தலைப்பில் எந்தத் தேதிகளோடு ஒப்பிடுகிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். 53ஆம் வாரத்தை எங்கள் கணக்குப் பிரிவிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய முடியும். அந்த அறிக்கை 2027 ஜனவரி 4 அன்று காலை போக வேண்டும், அதற்குள் ஒரு பதில் வாங்கிவிடுகிறேன்.

ரத்தான ஆர்டர்களைப் பார்த்துவிட்டேன். இரண்டில் ஒன்று அதுதான். இன்னொன்று ஞாயிறு நள்ளிரவு சரியாக 00:00:00 மணிக்குப் பதிவாகியிருக்கிறது. நாள்வாரி குவெரியில் `BETWEEN` போட்டிருக்கிறார்கள்.